மூன்றால் பெருக்கியும் ஏன் 48 வீதம்?

கேள்வி: வணக்கம் அண்ணை. கொண்டாவிலில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். பகலில் சோறு, பின்னேரத்தில் இருந்து கொத்து, புட்டு, இடியப்பம், பிளேன்ரீ. உணவுச் செலவு 35 வீதத்துக்குள் நிற்க வேண்டும் என்று கேள்விப்பட்டு, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் சாமான் செலவைப் போட்டு மூன்றால் பெருக்கித்தான் விலை வைத்தேன். கோழிக் கொத்து 800, ஆட்டுக் கொத்து 1,400. ஆனால் போன மாதம் விற்பனை 12 இலட்சம், சாமானுக்குப் போனது 5 இலட்சத்து 76 ஆயிரம், 48 வீதம் வருகிறது. எல்லாச் சாப்பாட்டுக்கும் 50 ரூபாய் கூட்டலாமா? கொப்பியைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

பதில்: தம்பி, கூட்ட வேண்டாம். 60 ரூபாய்ப் பிளேன்ரீயை 110க்கு விற்றால் அதைக் குடிக்க வருகிற ஆளும் வரமாட்டார், அவரோடு சேர்ந்து இரண்டு வடை சாப்பிடுகிறவரும் வரமாட்டார். பிளேன்ரீயில் உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை. நட்டம் ஒரு இடத்தில்தான் இருக்கிறது, அது கொத்துத் தகட்டில் என்று உங்கள் கொப்பியைப் பார்த்த உடனேயே எனக்குச் சந்தேகம் வந்தது. அங்கே போவதற்கு முதல் இந்த 48ஐக் கொஞ்சம் கழுவி எடுக்க வேண்டும், ஏனென்றால் அது உண்மையான 48 இல்லை.

சாமானுக்குப் போனது என்று நீங்கள் எழுதிய 5,76,000இல் காஸ் இருக்கிறது, லஞ்ச் சீற் இருக்கிறது, சொதி கட்டுகிற பை இருக்கிறது. அதெல்லாம் செலவுதான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் வாய்க்குள் போகிற சாமான் இல்லை. உங்கள் கொப்பியில் அவை மொத்தம் 48,000. அதை வேறு பக்கத்தில் எழுதுங்கள். பார்சலுக்கு ஆகிற சீற்றையும் பையையும் பார்சல் விலையில் தனியாக ஏற்றுங்கள், கறிக் கணக்கில் கலக்க வேண்டாம். இப்போது 5,28,000.

அடுத்தது, 28ஆம் திகதி ஆறு மூட்டை அரிசி இறக்கியிருக்கிறீர்கள், 25 கிலோ மூட்டை, கிலோ 230 ரூபாய்ப்படி 34,500. அந்த அரிசியில் முக்கால்வாசிக்கு மேல் அடுத்த மாதம்தான் சோறாகும். போன மாத விற்பனைக்கு அதன் செலவை ஏன் போடுகிறீர்கள்? வாங்கியது வேறு, பாவித்தது வேறு. மாதம் பிறந்த அன்று கடையில் கிடந்த சாமானின் பெறுமதி, அதோடு மாதம் முழுக்க வாங்கியது, அதில் மாதக் கடைசியில் மிஞ்சிக் கிடந்ததைக் கழித்தால் வருவதுதான் பாவித்தது. இதை நான் வட்ஸ்அப்பில் கேட்டபோது நீங்கள் ஞாபகத்தில் சொன்னது தொடக்கத்தில் 40,000 அளவு, கடைசியில் 70,000 அளவு. அப்படியென்றால் பாவித்தது 4,98,000.

இதற்குள் நீங்களும் வேலைப் பெடியளும் சாப்பிட்டதும் இருக்கிறது. வேலையாட்கள் நாலு பேர், இரண்டு நேரம், ஒரு சாப்பாட்டுக்கு 125 ரூபாய்ச் சாமான் என்று வைத்தால் மாதம் 30,000. அது சம்பளத்தின் ஒரு பங்கு, வாடிக்கையாளருக்கு விற்ற சாப்பாடு இல்லை. கழித்தால் 4,68,000, அதாவது 12 இலட்சத்தில் 39 வீதம். 48 என்று பயந்த தொகை 39க்கு இறங்கிவிட்டது, ஒரு ரூபாயும் மிச்சம் பிடிக்காமல். ஆனால் சந்தோஷப்பட வேண்டாம். மூன்றால் பெருக்கி விலை வைத்தால் சாமான் செலவு 33 வீதத்துச் சொச்சம் வர வேண்டும், அதாவது நாலு இலட்சம். அதற்கு மேல் போன 68,000 எங்கே என்பதுதான் உண்மையான கேள்வி.

இந்த இருப்பு எண்ணுகிற வேலையில் நானே ஒருமுறை நன்றாக வாங்கிக் கட்டியிருக்கிறேன். கொழும்பில் ஒரு ஹோட்டலில் உணவுச் செலவுக் கணக்குப் பார்க்கிற வேலைக்குப் போன புதிதில், பிறீசரில் இருந்த இறால் பெட்டிகளை நிறுக்காமல் எண்ணிக்கையில் எழுதிவிட்டேன், பெட்டிக்கு இரண்டு கிலோ என்று. பாதிப் பெட்டிகள் திறந்து பாவித்தவை. அந்த மாதம் செலவு வீதம் மிகவும் அழகாக வந்தது, எல்லாரும் தோளில் தட்டினார்கள், அடுத்த மாதம் அதே அளவுக்கு ஏறி நின்றது, தட்டிய கையெல்லாம் என்னை நோக்கி நீண்டது. அதனால் ஒரு மாதம் ஏறி, மறுமாதம் இறங்கி, திரும்ப ஏறி என்று ஊஞ்சல் ஆடினால் சமையலறையைச் சந்தேகப்பட முதல் எண்ணின ஆளைச் சந்தேகப்படுங்கள். தொடர்ந்து ஒரே பக்கமாக உயர்ந்து நின்றால்தான் அடுப்படியில் பிரச்சினை.

சரி, இப்போது கொத்துக்கு வருவோம்.

நீங்கள் கோழிக் கொத்துக்கு எழுதிய கணக்கு இதுதான்: ரொட்டி 50, முட்டை ஒன்று 40, மரக்கறி 25, எண்ணெயும் குழம்பும் தூளும் 40, கோழி 100 கிராம் 110. மொத்தம் 265. மூன்றால் பெருக்கி 795, சுற்றி 800. கணக்கில் கூட்டல் பிழை இல்லை. ரொட்டியின் மாவும் மாஜரினும் சரியாகவே இருக்கின்றன, கரட்டுக்கும் கோவாவுக்கும் லீக்ஸுக்கும் போட்டதும் நியாயம். பிழை அந்த 110இல் இருக்கிறது.

கோழி கிலோ 1,100 ரூபாய் என்பது கடைக்காரன் தராசில் வைக்கிற கோழியின் விலை, எலும்போடு, கழுத்தோடு, தண்ணீரோடு. கொத்துக்குள் விழுவது அது இல்லை. குழம்பில் அவிந்து, எலும்பில் இருந்து பிய்த்து எடுத்த இறைச்சிதான் தகட்டில் விழுகிறது. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு போகிறது என்று பார்க்கத்தான் உங்களை ஒரு கோழியை நிறுத்துப் பார்க்கச் சொன்னேன். நீங்கள் செய்து அனுப்பியதை இங்கே மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன், ஏனென்றால் கொத்துக் கடை வைத்திருக்கிற கனபேர் இதை ஒருநாளும் செய்து பார்த்திருக்க மாட்டார்கள்.

உரித்த கோழி ஒன்றரைக் கிலோ, 1,650 ரூபாய். கழுத்து, கொழுப்பு, ஒட்டியிருந்த தோல், கழிக்கிற துண்டுகள் எல்லாம் எடுத்துவிட்டு நிறுத்தபோது 1,260 கிராம். அதைக் குழம்பாகச் சமைத்து, ஆறவிட்டு, எலும்பு நீக்கி, குழம்பை வடித்துவிட்டு இறைச்சியை மட்டும் நிறுத்தபோது 660 கிராம். வாங்கியதில் 44 வீதம். உங்கள் கையில் பிழை இருக்கிறது என்று நினைக்க வேண்டாம், முழுக் கோழியில் இப்படித்தான் பாதிக்குக் குறையத் தேறும், சமைக்கும்போது நீர் வற்றுவதும் எலும்பும் அவ்வளவு எடுத்துக்கொள்ளும். 1,650 ரூபாயை 660ஆல் பிரித்தால் கிராமுக்கு இரண்டரை ரூபாய். அதாவது கொத்துக்குள் விழுகிற கோழி கிலோ 2,500 ரூபாய், 1,100 இல்லை.

இது முதல் அடி. இரண்டாவது அடி மாஸ்டரின் கையில் இருந்து. கொத்துப் போடும்போது இறைச்சியை அள்ளுகிற கையை நிறுத்தி, ஐந்து பிளேற்றுக்குப் போடப்போன இறைச்சியைத் தராசில் வைக்கச் சொன்னேன். 75, 110, 95, 120, 90. சராசரி 98 கிராம், 100 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 120 கிராம் யாருக்குப் போனது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் எனக்குத் தெரியும், மாஸ்டரோடு கதைத்துக்கொண்டு நின்ற ஆளுக்கு. எல்லாக் கடையிலும் அப்படித்தான். மாஸ்டர் கள்ளன் இல்லை, அவர் தாராளமான மனுசன், கொத்துக் கொத்துகிற சத்தத்தில் கணக்குப் பார்க்க யாரால் முடியும்.

ஆக, 100 கிராம் சமைத்த இறைச்சி 250 ரூபாய். மற்றச் சாமான் 155. ஒரு கோழிக் கொத்தின் உண்மையான சாமான் செலவு 405, நீங்கள் விற்பது 800. ஐம்பது வீதத்துக்கும் மேல். நீங்கள் நினைத்ததை விட ஒவ்வொரு பிளேற்றிலும் 140 ரூபாய் அதிகம் போகிறது. மாதம் 400 கோழிக் கொத்து விற்றதாக எழுதியிருக்கிறீர்கள், 400ஐ 140ஆல் பெருக்கினால் 56,000. நாம் தேடித் திரிந்த 68,000இல் 56,000 இங்கே கிடக்கிறது. மிச்சம் ஆட்டுக் கொத்திலும், பகல் சோற்றுச் சட்டியிலும்.

பகலில் சோற்றோடு வைக்கிற கோழிக் கறியில் இந்தப் பிழை இவ்வளவு பெரிதாக வரவில்லை என்பதையும் கவனியுங்கள். அங்கே எலும்போடு துண்டாக வைக்கிறீர்கள், எலும்பையும் வாடிக்கையாளர்தான் கொண்டு போகிறார், அதனால் பச்சை நிறைக்குப் போட்ட விலை பெரும்பாலும் சரி, வெட்டிக் கழிக்கிறது மட்டும்தான் விட்டுப்போயிருக்கும். ஒரே கோழி, ஒரே கடை, பகலில் ஒரு விலை இரவில் ஒரு விலை. எலும்பில்லாத கோழி வாங்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கிப் பாருங்கள், ஆனால் இதே மாதிரி சமைத்து நிறுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். உதாரணத்துக்கு எலும்பில்லாதது கிலோ 1,700 என்றால், ஒரு கிலோ அவிந்து 720 கிராம் வந்தால், கிலோ 2,360 ரூபாய்க்கு வருகிறது. முழுக் கோழியை விடக் கொஞ்சம் மலிவு, பிய்க்கிற நேரமும் மிச்சம். ஆனால் எலும்பு போட்டுக் கொதிக்கிற குழம்பின் ருசி போய்விடும், கொத்துக்கு அந்தக் குழம்புதான் உயிர். நான் என்றால் முழுக் கோழியே வாங்குவேன். அது என் விருப்பம்.

இனி விலை. சூத்திரம் சின்னது: சாமான் செலவை 0.35ஆல் பிரித்தால் 35 வீதத்துக்கான விலை. நீங்கள் மூன்றால் பெருக்கியதும் ஏறக்குறைய அதுதான், சூத்திரத்தில் பிழை இல்லை, அதற்குள் போட்ட செலவில்தான் பிழை. 405ஐ 0.35ஆல் பிரித்தால் 1,157. கொண்டாவிலில் நாளைக்குக் காலையில் கோழிக் கொத்து 1,150 என்று பலகையில் எழுதினால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை, உங்கள் ஆட்கள் அப்படியே சைக்கிளைத் திருப்பித் திருநெல்வேலிப் பக்கம் மிதிப்பார்கள். அதனால் இரண்டு பக்கத்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும்.

முதலில் இறைச்சியை 80 கிராமுக்குக் கொண்டு வாருங்கள். தராசை வைத்து மாஸ்டரைக் கலைக்க வேண்டாம், அது நடக்காது. சின்ன எவர்சில்வர் கோப்பை ஒன்று எடுத்து, அதில் 80 கிராம் பிய்த்த இறைச்சி எந்த மட்டத்துக்கு வருகிறது என்று பார்த்து, தலை தட்டினால் சரியாக 80 வருகிற கோப்பையைத் தேடிப் பிடியுங்கள். ஒரு கொத்துக்கு ஒரு கோப்பை. அல்லது பின்னேரம் கறி ஆறிய பிறகு வீட்டுக்காரியோ நீங்களோ இருந்து 80 கிராமாகச் சின்னப் பையில் கட்டி வைத்துவிடலாம், பையைப் பிரித்துத் தகட்டில் கொட்டுவதுதான் மாஸ்டரின் வேலை. பையில் கட்டினால் இன்னொரு நன்மை, இரவு கடை சாத்தும்போது மிச்சப் பையை எண்ணினாலே எத்தனை கொத்துப் போனது என்று தெரியும். மிச்சப் பையை உடனே பிறிட்ஜுக்குள் வையுங்கள்.

80 கிராம் என்றால் கோழி 200 ரூபாய், கொத்து 355. விலையை 900 ஆக்குங்கள். வீதம் பார்த்தால் 39 வருகிறது, 35 இல்லை. பரவாயில்லை. இப்போது மாதக் கணக்கைத் திரும்பப் போடுங்கள்: 400 பிளேற்றில் பிளேற்றுக்கு 50 ரூபாய்ச் செலவு குறைந்தால் 20,000, எனவே பாவித்த சாமான் 4,48,000. விலை 100 கூடியதால் விற்பனை 12,40,000. முழுக் கடைக்கும் 36 வீதம். ஒரே ஒரு சாப்பாட்டைத் தொட்டதற்கு 39இல் இருந்து 36. வடையிலும் புட்டிலும் பிளேன்ரீயிலும் கை வைக்கவே இல்லை.

விலை கூட்டினால் ஆட்கள் குறைவார்களே என்ற பயம் இருக்கும். அதையும் ரூபாயில் பாருங்கள். இப்போது ஒரு கொத்தில் சாமான் போக மிஞ்சுவது 395, 400 பிளேற்றுக்கு 1,58,000. புதிய விலையில் மிஞ்சுவது 545. அதே 1,58,000ஐ எடுக்க 290 பிளேற் போதும். அதாவது நூற்றுப் பத்துப் பிளேற் வரை போனாலும் இப்போது கையில் வருகிற காசு குறையாது. அவ்வளவு போகாது என்று நினைக்கிறேன், ஆனால் போனால், அந்த ஆட்களோடு அவர்கள் குடிக்கிற சோடாவும் போகும் என்பதையும் மறக்க வேண்டாம். முதல் இரண்டு கிழமை பிளேற் எண்ணிக்கையை நாளாந்தம் எழுதுங்கள்.

ஆட்டுக் கொத்தில்தான் வீதக் கணக்கின் எல்லை தெரிகிறது. எலும்போடு கிலோ 3,400க்கு வாங்குகிற ஆட்டிறைச்சியும் இதே மாதிரிப் பாதிக்குக் குறையத் தேறினால், பிய்த்த இறைச்சி கிலோ 7,500க்கு வந்து நிற்கும். 70 கிராம் போட்டாலே 525, மற்றச் சாமானோடு 680. 35 வீதத்துக்கு விற்பதென்றால் 1,940 ரூபாய், யாரும் வாங்கமாட்டார்கள். 1,400க்கு விற்றால் 49 வீதம். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு பிளேற்றிலும் 720 ரூபாய் மிஞ்சுகிறது, கோழிக் கொத்தில் மிஞ்சுகிற 545ஐ விட அதிகம். அடுப்பு அதே, மாஸ்டர் அதே, நேரமும் அதே. வீதத்தைப் பிடித்துக்கொண்டு ஆட்டுக் கொத்தை நிறுத்தினால் வீதம் அழகாகும், கல்லாப்பெட்டி மெலியும். 1,500க்கு விற்றுப் பாருங்கள், அளவை 70 கிராமில் கட்டி வையுங்கள், அதற்கு மேல் அதைத் தொட வேண்டாம். 35 வீதம் என்பது முழுக் கடைக்கும் சேர்த்துப் பிடிக்க வேண்டிய தொகை, ஒவ்வொரு பிளேற்றின் நெற்றியிலும் ஒட்ட வேண்டியது இல்லை. ஒன்று 25இல் நிற்கும், ஒன்று 45இல் நிற்கும்.

இது இரண்டு பக்கமும் வெட்டும். நல்லூர்த் திருவிழா வரும்போது பாருங்கள், கொடியேறின நாளில் இருந்து 25 நாளும் பாதிச் சனம் மச்சம் சாப்பிடாது. உங்கள் கடையில் கொத்து விழும், புட்டும் இடியப்பமும் மரக்கறிச் சோறும் எழும்பும். மரக்கறியில் சாமான் செலவு குறைவு, அதனால் அந்த மாதம் உங்கள் வீதம் தானாக 32க்கோ 31க்கோ இறங்கலாம். நீங்கள் திறமாக நடத்தியதால் இறங்கவில்லை, சனம் என்ன சாப்பிட்டது என்பதால் இறங்கியது. கையில் வந்த காசு அந்த மாதம் குறைவாகவும் இருக்கலாம். வெள்ளிக்கிழமைகளிலும் இதுதான், சின்ன அளவில். அதனால் ஒரு மாதத்தை முந்தின மாதத்தோடு ஒப்பிடும்போது எந்தச் சாப்பாடு எத்தனை போனது என்ற எண்ணிக்கையும் பக்கத்தில் இருக்க வேண்டும், அது இல்லாமல் வீதத்தை மட்டும் பார்ப்பது காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொடாமல் முகத்தை மட்டும் பார்த்து மருந்து எழுதுகிற மாதிரி.

36இல் இருந்து 35க்கு வர ஒரு வீதம் மிச்சம் இருக்கிறதல்லவா, அது பகல் சோற்றில் இருக்கிறது. மூன்று மணிக்குப் பானையில் எவ்வளவு சோறு மிஞ்சுகிறது என்று கேட்டதற்கு "ஒரு நாலு கிலோ வரும், மாட்டுக்காரர் எடுத்துக்கொண்டு போவார்" என்று எழுதினீர்கள். நாலு கிலோ சோறு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ அரிசி, 345 ரூபாய், மாதம் பத்தாயிரத்துக்கு மேல். மாட்டுக்காரருக்கு நல்ல காலம். முழு அரிசியையும் பத்து மணிக்கே போடாமல், இரண்டாவது பானையை ஒரு மணிக்கு, வந்திருக்கிற கூட்டத்தைப் பார்த்துப் போடச் சொல்லுங்கள். திரும்பச் சோறு கேட்கிறவருக்குப் போடுவதைக் குறைக்கச் சொல்லவில்லை, அது எங்கள் ஊரில் செய்யக்கூடாத காரியம், இரண்டாம் தரம் போடுகிற சோற்றின் செலவும் அவ்வளவு இல்லை. பானையில் கிடந்து போவதைத்தான் குறைக்கச் சொல்கிறேன். இது பெரும்பாலும் நின்றாலே நீங்கள் 35க்குப் பக்கத்தில் வந்துவிடுவீர்கள்.

இதையெல்லாம் செய்தபிறகு, திரும்பப் பழைய இடத்துக்குப் போகாமல் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? எல்லாச் சாமானையும் ஒவ்வொரு நாளும் நிறுக்கச் சொன்னால் மூன்றாம் நாள் விட்டுவிடுவீர்கள். கோழியை மட்டும் பாருங்கள், கிழமைக்கு ஒருதரம். திங்கட்கிழமை காலை பிறீசரில் இருந்த கோழி, அந்தக் கிழமை வாங்கியது, அடுத்த திங்கள் மிஞ்சியது. கழித்தால் பாவித்தது. அதில் பகல் கறிக்கு வெட்டியதை வேறாக எழுதி எடுத்துவிடுங்கள், மிச்சம் கொத்துக்குப் போனது. கிழமைக்கு 95 கோழிக் கொத்து விற்றால், 80 கிராம்படி 7.6 கிலோ பிய்த்த இறைச்சி, அதை 0.44ஆல் பிரித்தால் 17 கிலோச் சொச்சம் கோழி வேண்டும். 18 போயிருந்தால் பேசாமல் இருங்கள், கீழே விழுந்ததும் ருசி பார்த்ததும் அதற்குள் அடங்கும். 21 போயிருந்தால் மூன்று விதமாகத்தான் இருக்கும்: கோப்பை தலை தட்டாமல் குவித்து விழுகிறது, அல்லது கோழிக்காரர் தருகிற கோழி மாறி 44 வீதம் தேறவில்லை, அல்லது கொத்துப் போகிறது ஆனால் பில் எழுதப்படவில்லை. முதலாவதைப் பார்க்க ஒரு பிளேற்றை நிறுத்துப் பாருங்கள், இரண்டாவதைப் பார்க்க ஒரு கோழியைச் சமைத்து நிறுத்துப் பாருங்கள். இரண்டும் சரியென்றால் மூன்றாவது. அப்போதும் எடுத்த எடுப்பில் ஆரையும் குற்றம் சொல்ல வேண்டாம், உங்கள் கூட்டாளிமாருக்கு நீங்களே பில் போடாமல் கொடுத்த கொத்தை முதலில் எண்ணுங்கள். கொப்பியில் ஒரு இடத்திலும் அது இல்லை என்பதை நான் கவனிக்காமல் இல்லை.

சாமான் விலை ஏறுகிற போதெல்லாம் பலகையை மாற்ற வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். மார்கழி மழையில் கரட்டும் லீக்ஸும் எகிறினாலும் உங்கள் கொத்தில் மரக்கறி 25 ரூபாய்தான், அது இரட்டித்தாலும் 900 ரூபாய்ப் பிளேற்றில் மூன்று வீதத்துக்கு உள்ளே, அதுவும் கொஞ்ச நாளைக்கு. பொறுத்துக்கொள்ளலாம். கோழி கிலோவுக்கு 100 ரூபாய் ஏறினால் 80 கிராம் பிய்த்த இறைச்சியில் 18 ரூபாய் ஏறும். அதையும் ஒரு மாதம் பார்க்கலாம். 250, 300 என்று ஏறி, இரண்டு மாதமாக இறங்காமல் நின்றால் அப்போது பலகையை மாற்றுங்கள், மாற்றினால் 50 ரூபாயாக ஒரே தரத்தில் மாற்றுங்கள். கிழமைக்கு ஒரு விலை எழுதுகிற கடைக்குள் வர எனக்கே விருப்பம் இல்லை.

வருகிற 1ஆம் திகதி காலையில், சந்தைச் சாமான் வந்து இறங்க முதல், இருப்பை எண்ணுங்கள். மூட்டையை எண்ணினால் போதும், திறந்த மூட்டையை நிறுங்கள், பிறீசரில் இருப்பதை ஒன்று விடாமல் நிறுங்கள். இறால் பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள்.